ஒரு கப் சூப்புல எவ்வளவு உப்பு? நம்ம கோயில் அடுப்படியில எடை போட்டுப் பார்த்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிங்க. குறிப்பா அன்னதானத்துக்கு உபயம் கொடுக்கிறவங்க, அடுப்படியில நிக்கிற தொண்டூழியர்கள், வீட்டுல பிரஷர் மாத்திரை சாப்பிடுற அப்பா அம்மா இருக்கிறவங்க படிக்கணும்னு கேட்டுக்கிறேன்.

கந்த சஷ்டி ஆறு நாளும் சாயங்காலம் நம்ம கோயில் மண்டபத்துல காய்கறி சூப் கொடுக்கிறது உங்களுக்குத் தெரியும். விரதம் இருக்கிறவங்க பகல் முழுக்கப் பாலும் பழமுமா இருந்துட்டு வருவாங்க, வயித்துக்கு லேசா, சூடா ஏதாவது இறங்கட்டும்னு ஆரம்பிச்ச பழக்கம். இந்த வருஷம் நாலாவது நாள் ராத்திரி, பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப ஒரு பெரியம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் போறவங்க. "தம்பி, குறை சொல்றேன்னு நினைக்காதப்பா. உங்க சூப் ரெண்டு கப் குடிச்சா ராத்திரி பூரா தாகம் தாங்கல. எனக்கோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு அளவு இருக்கு. நேத்து மெஷின்ல உட்காரும்போது எடை ஏறியிருக்குன்னு நர்ஸ் திட்டுச்சு"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா அந்த சூப்புல உப்பு போட்டது நான்தான். ஒரு கைதான் போட்டேன். 20 லிட்டர் சட்டிக்கு ஒரு கை உப்பு அதிகம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம்தான் யோசிச்சேன், உப்பு என் கையில மட்டும் இல்ல, பெட்டி பெட்டியா பிரிச்சுப் போட்ட கியூப்லயும் இருக்கேன்னு.

மறுநாள் அடுப்படியில இருக்கிற டிஜிட்டல் தராசை எடுத்து வச்சுக்கிட்டு, கியூப் பெட்டியோட பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். அந்தக் கணக்கைத்தான் இங்க சொல்லப்போறேன். எந்த கம்பெனி கியூப்னு கேட்காதீங்க. கடையில இருந்த வேற மூணு பெட்டியையும் திருப்பிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்ல. ஸ்டாக் கியூப்னாலே எடையில பாதிக்குப் பக்கம் உப்புதான். அதுதான் அதோட இயல்பு.

நம்ம கியூப் ஒண்ணு 10 கிராம். அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு கியூப் போடச் சொல்லியிருக்கு. சோடியம்னு எழுதியிருக்கிற வரியில ஒரு கியூப்புக்கு 2,200 மில்லிகிராம். மலாய்ல எழுதியிருந்தா 'நாத்ரியம்'னு பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான். இந்தச் சோடியம் கணக்கை உப்புக் கணக்கா மாத்தணும்னா இரண்டரையால பெருக்கணும். 2,200 மில்லிகிராம்னா ஐந்தரை கிராம் உப்புக்குச் சமம். ஒரு நாளைக்கு ஒரு பெரியவர் மொத்தமா 5 கிராம் உப்புக்குள்ள, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள்ள நிறுத்திக்கணும்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. 5 கிராம்னா தலை தட்டின ஒரு டீஸ்பூன். ஆக, விரல் நுனி அளவு இருக்கிற ஒரே ஒரு கியூப்ல ஒரு நாள் உப்பு முழுக்க முடிஞ்சுபோச்சு, கொஞ்சம் மீறியும் போச்சு.

இப்போ நம்ம சட்டிக்கு வருவோம். 20 லிட்டர், 250 மில்லி கப்புல ஊத்தினா 80 கப். பெட்டியில சொன்ன அளவுப்படி 40 கியூப். 40 கியூப்ல 88,000 மில்லிகிராம் சோடியம், 80 கப்புக்குப் பிரிச்சா கப்புக்கு 1,100. இதுவே ஒரு நாள் அளவுல பாதிக்கு மேல. அதோட நான் போட்ட அந்த ஒரு கை உப்பு. அதே மாதிரி அள்ளித் தராசுல போட்டேன், 60 கிராம் இருந்துச்சு. அது கப்புக்கு இன்னொரு 300 மில்லிகிராம் சோடியம். மொத்தம் 1,400. ஒரு காகிதக் கப் சூப்புல மூன்றரை கிராம் உப்பு, ஒரு நாளைக்குச் சாப்பிட வேண்டியதுல பத்துல ஏழு பங்கு.

அந்தப் பெரியம்மா குடிச்சது ரெண்டு கப்.

இன்னொரு விஷயம் இருக்கு, இதை நான் யோசிச்சதே இல்ல. சூப் சட்டியைச் சின்ன தீயில வச்சுத்தான் பரிமாறுவோம், ஆறிடக்கூடாதுன்னு. பூஜை முடிஞ்சு வரிசை வந்து போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பாதிச் சட்டி மிச்சம் இருக்கிறப்ப 10 லிட்டர்ல 2 லிட்டர் ஆவியாப் போச்சுன்னு வைங்க, அதுல இருக்கிற உப்பு 8 லிட்டருக்குள்ள அடங்கிடுது. அப்போ கப்புக்கு 1,400 இல்ல, 1,750. சூப் கெட்டியாயிடுச்சேன்னு யாராவது ஒரு கேத்தல் சுடுதண்ணி ஊத்துவாங்க. அது சரி, அதனால தப்பு இல்ல. ஆனா தண்ணி ஊத்தினவுடனே "ருசி போச்சுண்ணே"ன்னு சொல்லி இன்னும் நாலு கியூப்பை உரிச்சுப் போடுறாங்க பாருங்க, அங்கதான் கணக்கு கையை விட்டுப் போகுது. அந்தப் பெரியம்மா கூட்டம் குறையட்டும்னு எப்பவும் கடைசியா வர்றவங்க. முட்டி வலி, நிக்க முடியாது. நம்ம சட்டியிலேயே உப்பு ஜாஸ்தியான சூப் அவங்களுக்குத்தான் போயிருக்கு.

இவ்வளவு உப்பு இருந்தா நாக்குல கரிக்காதான்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். சும்மா 250 மில்லி சுடுதண்ணியில மூன்றரை கிராம் உப்பைக் கலக்கி வீட்டுல குடிச்சுப் பார்த்தேன், முகம் சுளிச்சேன். அதே உப்பு சூப்புல இருக்கும்போது தெரியவே இல்ல. சர்க்கரை கொஞ்சம், பாமாயில் கொழுப்பு கொஞ்சம், மாவு கொஞ்சம், இதோட சுவையூட்டி. எல்லாம் சேர்ந்து உப்போட முனையை மழுங்க வச்சிடுது. அதனால "நாக்குல வச்சுப் பார்த்தேன், உப்பு சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்றது கியூப் போட்ட சூப்புக்குச் செல்லாது. வீட்டு ரசத்துக்குச் செல்லும். இதுக்குச் செல்லாது.

சுவையூட்டின்னதும் நம்ம ஆளுங்களுக்கு அஜினோமோட்டோ ஞாபகம் வந்திடும். வாட்ஸ்அப்புல வர்ற செய்தியெல்லாம் அது விஷம், மூளையைத் தின்னும்னு சொல்லுது. நான் அந்தக் கட்சி இல்ல. 1908-ல டோக்கியோவுல இக்கேடான்னு ஒரு பேராசிரியர் கடற்பாசிச் சாறுல இருந்து பிரிச்சு எடுத்ததுதான் அது. மோனோசோடியம் குளுட்டமேட்னு பேரு, பாக்கெட்டுல 621-ன்னு நம்பர் போட்டிருக்கும். அதுல இருக்கிற குளுட்டமேட் பழுத்த தக்காளியிலயும் இருக்கு, காளான்லயும் இருக்கு. உடம்புக்கு ரெண்டும் வேற வேற இல்ல. சொல்லப்போனா சமையல் உப்புல இருக்கிற சோடியத்துல மூணுல ஒரு பங்குதான் இதுல இருக்கு. உப்பைப் பாதியாக் குறைச்சு இதைக் கொஞ்சம் போட்டா மொத்தச் சோடியம் குறையக்கூட செய்யும். ஆனா கியூப் செய்றவங்க உப்பைக் குறைச்சுட்டு இதைப் போடலையே. உப்பையும் நிறையப் போட்டு, இதையும் மேல போடுறாங்க.

ஒரு கப்புல அது எவ்வளவு இருக்கும்? இதைப் பெட்டியில எழுத மாட்டாங்க. ஆனா ஒரு வழி இருக்கு. சேர்மானப் பட்டியல்ல எது எடையில அதிகமோ அது முதல்ல வரும், அப்படியே இறங்கு வரிசை. நம்ம கியூப்ல முதல்ல உப்பு, ரெண்டாவது 621, மூணாவது பாமாயில் கொழுப்பு, அப்புறம் சர்க்கரை, மாவு, காய்கறித் தூள் எல்லாம். சத்து அட்டவணையில கொழுப்பு ஒரு கியூப்புக்கு ஒன்றரை கிராம்னு போட்டிருக்கு. 621 கொழுப்புக்கு மேல நிக்குது, அப்போ அது ஒன்றரை கிராமுக்குக் குறையாது. 10 கிராம்ல உப்பு ஏறக்குறைய 5 கிராம், கொழுப்பு ஒன்றரை, மத்த சாமானுக்கும் கொஞ்சம் இடம் விடணும். அதனால 3 கிராமைத் தாண்டவும் முடியாது. அரை கியூப் போற ஒரு கப்புல முக்கால் கிராம்ல இருந்து ஒன்றரை கிராம் வரை. இதோட அளவு பத்தி நிபுணர்களே ஒரே குரல்ல பேசல. உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து வச்சிருக்கிற நிபுணர் குழு 1987-ல எண் வரம்பே தேவையில்லன்னு விட்டுடுச்சு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம்னு வரம்பு வச்சுது. 60 கிலோ உள்ள ஒருத்தருக்கு 1.8 கிராம். அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் ஒரு கப் சூப் வரம்புக்குள்ளதான், ரெண்டு கப் குடிச்சா மீறலாம். உப்பு அப்படி இல்ல. ஒரு கப்பும் ஒரு தட்டு சோறும் சேர்ந்தாலே தாண்டிடுது. அதனால 621-ஐப் பேயா நினைச்சுப் பயந்துக்கிட்டு, பக்கத்துல நிக்கிற உப்பைக் கண்டுக்காம விடுறது தப்புன்னு நான் நினைக்கிறேன்.

இதுல இன்னொரு ஏமாற்றமும் நடக்குது. "எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை"ன்னு பச்சை எழுத்துல போட்ட கியூப்பை ஒரு உபயக்காரர் பெருமையா வாங்கிட்டு வந்தார். விலையும் கூட. பின்னாடி படிச்சா ஈஸ்ட் சாறு இருக்கு, நீராற்பகுத்த தாவரப் புரதம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டுலயுமே குளுட்டமேட் இயல்பா நிறைய இருக்கும், பேரு மட்டும்தான் வேற. சோடியத்தைப் பார்த்தா மத்த கியூப்புக்குச் சமமா இருக்கு. அவர் தேடினது உடம்புக்கு நல்லதுன்னு. கிடைச்சது வேற பேருல அதே சாமான்.

கோயில்னு வரும்போது உடம்பு மட்டும் இல்ல, சைவமான்னும் பார்க்கணும். 621-க்குப் பக்கத்துல 627, 631-ன்னோ, இல்ல ரெண்டும் கலந்த 635-ன்னோ நம்பர் பார்த்திருப்பீங்க. இது ரொம்பக் கொஞ்சம்தான் போடுவாங்க. 621-ஓட சேரும்போது ருசியைப் பல மடங்கு தூக்கிக் காட்டும், அதுக்காகத்தான். இதுல 631-ஐ மரவள்ளி மாவையோ சர்க்கரையையோ புளிக்க வச்சும் எடுக்கலாம், இறைச்சியில இருந்தோ மீன்ல இருந்தோ கூட எடுக்கலாம். நம்பரைப் பார்த்து எதுன்னு சொல்ல முடியாது. ஹலால் முத்திரை இருக்கேன்னு நம்ம பிள்ளைங்க சொல்லுவாங்க. ஹலால்னா முஸ்லிம் அன்பர்கள் சாப்பிடலாம்னு அர்த்தம், சைவம்னு அர்த்தம் இல்ல. கோழி கியூப்புக்கும் அதே முத்திரைதான். சைவம்னு தெளிவா எழுதியிருக்கணும், இல்லன்னா சந்நிதிக்குப் பக்கத்துல இருக்கிற அடுப்புல அது ஏறக்கூடாது. சைவம்னு எழுதின சிலதுலகூட வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் இருக்கும். சஷ்டிக்கு வெங்காயம் பூண்டு தொடாம இருக்கிற அக்காங்களுக்கு நாம இத்தனை வருஷமா அதைக் கொடுத்திருக்கோம். தெரியாமக் கொடுத்தோம். இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது.

சரி, பாக்கெட்டு சூப்புக்கு வர்றேன். சட்டி சூப் தீர்ந்துட்டா ஆகட்டும்னு சுடுதண்ணி ஃபிளாஸ்க் பக்கத்துல ஒரு தட்டு நிறைய காளான் சூப், சோளச் சூப் பாக்கெட்டு வச்சிருப்போம். அதுவும் உபயம்தான். நான் பார்த்த பாக்கெட்டுல 180 மில்லி தண்ணிக்கு ஒரு பாக்கெட்டு, சோடியம் 700 மில்லிகிராம். உப்பா மாத்தினா ஒன்றே முக்கால் கிராம். நம்ம சட்டி சூப்புக்கு இது பாதிதான், நியாயமாச் சொல்லணும். பகல் முழுக்க உப்பே தொடாம இருந்த ஆரோக்கியமான ஒருத்தர், ராத்திரி இதுல ஒண்ணு குடிச்சா ஒண்ணும் ஆகிடாது.

தப்பு நடக்கிறது வேற இடத்துல. படிக்கும்போது எந்த வரியைப் படிக்கிறோம்னு பார்க்கணும். அட்டவணையில ரெண்டு பத்தி இருக்கும், ஒண்ணு 100 மில்லிக்கு, இன்னொண்ணு ஒரு பரிமாறலுக்கு. 100 மில்லிக்குன்னு இருக்கிற சின்ன எண்ணைப் பார்த்துட்டு "அட, கொஞ்சம்தான்"னு வச்சிடுறோம், கப்போ அதைப் போல ரெண்டு மடங்கு. அப்புறம் மண்டபத்துல என்ன நடக்குதுன்னா, பெரிய மக்கு எடுத்து அதுல ரெண்டு பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குறாங்க. இல்ல, ஒரு பாக்கெட்டுக்குத் தண்ணியை நிறைய ஊத்திட்டு "உப்பைக் குறைச்சுட்டேன்"னு சொல்றாங்க. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் பாக்கெட்டுல இருந்த 700 அப்படியேதான் உள்ள போகும், முழுசாக் குடிச்சா. பாதித் தூளைத்தான் போடணும், பாதியைச் சுருட்டி வைக்கணும். அதைச் செய்றவங்க யாரும் இல்ல.

அப்புறம் அந்தக் கப்போட கதை அங்க முடியறது இல்லையே. சூப்புக்குப் பிறகு சாம்பார் சோறு, அப்பளம், ஊறுகாய், சில நாள் மீ ஹூன். எல்லாத்துலயும் உப்பு இருக்கு. நம்ம நாட்டுல பெரியவங்க சராசரியா ஒரு நாளைக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுறாங்கன்னு 2017, 2018-ல சுகாதார அமைச்சு நடத்தின ஆய்வு சொல்லுச்சு. ஏற்கெனவே அளவைத் தாண்டித்தான் இருக்கோம். கோயில் சூப் அதுக்கு மேல ஏறி உட்காருது.

இதைச் செயற்குழுக் கூட்டத்துல சொன்னப்ப நடந்ததை மறைக்காம எழுதுறேன். அடுப்படியைப் பல வருஷமாப் பார்த்துக்கிற அண்ணன் கோபப்பட்டார். "கியூப் போடலன்னா சூப் தண்ணி மாதிரி இருக்கும் தம்பி. ஜனங்க ஒரு வாய் குடிச்சுட்டு வச்சிடுவாங்க. அன்னதானத்தைக் கொட்டுறது பாவம் இல்லையா? உபயக்காரருக்கும் கெட்ட பேரு"ன்னார். அவர் சொல்றதுல உண்மை இருக்கு. ஐந்தாவது நாள் நான் வீம்புக்கு ஒரு கியூப்கூட இல்லாம, கேரட்டும் கோஸும் வேக வச்ச தண்ணியில மிளகு போட்டு இறக்கினேன். பாதிச் சட்டி மிஞ்சிடுச்சு. ஒரு ஐயா நேராவே வந்து, "இன்னிக்கு ஆஸ்பத்திரி சூப்பா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

அதுக்கப்புறம் அண்ணனும் நானும் சேர்ந்து மூணு சனிக்கிழமை வேற மாதிரி செஞ்சு பார்த்தோம். கியூப் கொடுக்கிற அந்த ருசி காய்கறியில இருந்தே வரும், எதுல இருந்து வரும்னு தெரிஞ்சு போடணும், அவ்வளவுதான். தக்காளியில குளுட்டமேட் இருக்குன்னு சொன்னேன் இல்லையா, காய்ஞ்ச சீனக் காளான்ல 627-ல இருக்கிற அதே வகைச் சாமான் இயற்கையாவே இருக்கு. ரெண்டும் ஒரே சட்டியில சேர்ந்தா பாக்கெட்டுல நடக்கிறது இங்கயும் நடக்கும். 20 லிட்டருக்கு நல்லாப் பழுத்த தக்காளி 3 கிலோ, வெள்ளை முள்ளங்கி 3 கிலோ, கேரட் 2 கிலோ, துவரம் பருப்பு 1 கிலோ, காய்ஞ்ச காளான் 200 கிராம். காளானை முதல் நாள் ராத்திரியே பச்சைத் தண்ணியில ஊற வச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டாம ஊத்தணும். விரதத்துல காளான் ஆகாதுங்கிறவங்க இருக்காங்க, அந்த நாள்ல காளானை விட்டுட்டுத் தக்காளியை இன்னும் 1 கிலோ கூட்டிக்குவோம். பருப்பைக் குழைய வேக வச்சுக் கரைச்சு விட்டா சூப்புக்கு ஒரு கனம் வருது. கியூப்ல மாவும் கொழுப்பும் செய்ற வேலையை இது செய்யுது. இறக்கும்போது இஞ்சி, மிளகு, சீரகம், கொத்தமல்லித் தண்டு, பசார்ல விக்கிற டாவுன் சூப் ரெண்டு கட்டு. காய்கறிச் செலவு மொத்தம் 50 ரிங்கிட்டுக்குப் பக்கம் வந்துச்சு. கியூப்பை விடக் கூடத்தான், ஆனா உபயமா வர்ற பாக்கெட்டுப் பெட்டிகளோட விலையைக் கூட்டிப் பார்த்தா இது ஒண்ணும் பெருசு இல்ல.

உப்பு 80 கிராம், தராசுல நிறுத்துத்தான். கை அள்ளல் கிடையாது. கப்புக்கு 1 கிராம், சோடியம் 400. அதையும் அடுப்பை அணைச்ச பிறகு போடுறோம். முதல்லயே போட்டா கொதிச்சு வத்தி, எவ்வளவு போட்டோம் எவ்வளவு இருக்குன்னு கணக்கு தப்பிடும். கப் பக்கத்துல எலுமிச்சைத் துண்டு வச்சிருக்கோம். கொஞ்சம் பிழிஞ்சா உப்பு கம்மின்னு நாக்குக்குத் தோணாது.

முதல் சனிக்கிழமையே இப்படி மாறிடல. அண்ணன் பேச்சைக் கேட்டு, முதல் வாரம் இதே காய்கறியோட 20 கியூப் போட்டோம், கை உப்பு மட்டும் நிறுத்தினோம். கப்புக்கு 550 மில்லிகிராம் வந்துச்சு. இதுலயே பழைய அளவுல பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு, யாருமே கண்டுபிடிக்கல. ரெண்டாவது வாரம் 10 கியூப்பும் 40 கிராம் உப்பும். மூணாவது வாரம் கியூப் இல்ல, 80 கிராம் உப்பு மட்டும். அன்னிக்கு ஒரு சிலர் "கொஞ்சம் சப்புனு இருக்கே"ன்னாங்க, ஆனா சட்டி காலியாயிடுச்சு. ஆஸ்பத்திரி சூப் ஐயா ரெண்டாவது கப் வாங்கினார், ஒண்ணும் சொல்லல.

ஒரு எச்சரிக்கையையும் இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாராவது "சோடியம் குறைந்தது"ன்னு போட்ட கியூப்பை வாங்கிட்டு வருவீங்க. அப்படிச் சிலதுல உப்புக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு போடுவாங்க, 508-ன்னு நம்பர் இருக்கும். பிரஷர் மட்டும் இருக்கிறவங்களுக்கு அது உதவலாம். ஆனா சிறுநீரகம் கெட்டவங்களுக்கும் டயாலிசிஸ் போறவங்களுக்கும் ரத்தத்துல பொட்டாசியம் ஏறுறது இதயத்துக்கே ஆபத்து. அதே காரணத்துக்காக நம்ம புது சூப்பும் அவங்களுக்கு முழுசாச் சரின்னு நான் சொல்ல மாட்டேன். தக்காளியும் பருப்பும் வேக வச்ச தண்ணியில பொட்டாசியம் இறங்கும். இதை அந்தப் பெரியம்மாகிட்ட நேராவே சொன்னேன். அவங்க டயாலிசிஸ் நிலையத்துல கேட்டுட்டு வந்து, "அரைக் கப் போதும் தம்பி, அதுவும் மெஷினுக்குப் போற முதல் நாள் வேண்டாம்"னாங்க. இப்போ அவங்களுக்குன்னு உப்பு போடுறதுக்கு முன்னாடியே ஒரு சின்ன கப் எடுத்து மூடி வச்சிடுறோம். கடைசியா வந்தாலும் அது அவங்களுக்கு இருக்கும்.

நிர்வாகத்துக்கிட்ட நான் கேட்டது மூணு. கோயில் பணத்துல இனி ஸ்டாக் கியூப் வாங்கக்கூடாது. மண்டபத்துல பாக்கெட்டு சூப் தட்டு வைக்கக்கூடாது. உபயம் எழுதுற நோட்டுல 'சூப் பாக்கெட்டு'ங்கிற வரியை எடுத்துட்டு 'காய்கறி, பருப்பு'ன்னு மாத்தணும். முதல் ரெண்டுக்கும் சரின்னுட்டாங்க. மூணாவதுக்கு இன்னும் பதில் வரல. உபயக்காரங்க மனசு நோகும்னு தயங்குறாங்க. எனக்குப் புரியுது. பாக்கெட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு வர்றது சுலபம், கெட்டுப் போகாது, எண்ணிக்கையாக் கணக்கு வைக்கலாம். 3 கிலோ தக்காளியைச் சனிக்கிழமை காலையில கொண்டுவந்து கொடுக்கணும்னா ஒருத்தர் பசாருக்குப் போகணும். ஆனா உபயம் கொடுக்கிறவங்க யாரும் இன்னொருத்தர் பிரஷரை ஏத்தணும்னு கொடுக்கல. சொன்னா மாத்திக்குவாங்கன்னு நான் நம்புறேன். இந்தப் பதிவே அவங்களுக்குத்தான்.

ஸ்டோர்ல ஏற்கெனவே இருக்கிற நாலு பெட்டி கியூப்பை என்ன செய்றதுன்னு கேட்டாங்க. உபயமா வந்ததைக் கொட்டுறதுக்கு எனக்கும் மனசு வரல. கட்டட வேலைக்கு வர்ற தம்பிங்க வெயில்ல வேர்த்துக் கொட்டுறவங்க, அவங்களுக்குக் கொடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். வேர்த்தாலும் அவ்வளவு உப்பு யாருக்கும் தேவையில்லன்னு நான் சொல்லிட்டேன். சைவம்னு எழுதியிருக்கிற பெட்டிகளை மட்டும் வச்சுக்கிட்டு, குருமாவுல வேற உப்பே போடாம, சட்டிக்கு அஞ்சுன்னு எண்ணிப் போட்டுத் தீர்த்துடலாம்னு முடிவாகியிருக்கு. மிச்சப் பெட்டிகளைக் கொடுத்தவங்ககிட்டயே காரணம் சொல்லித் திருப்பிக் கொடுத்துடுவோம்.

வர்ற சனிக்கிழமை சூப்புக்குத் தக்காளியும் பருப்பும் ஒரு குடும்பம் ஏத்துக்கிட்டாங்க. முள்ளங்கியும் டாவுன் சூப்பும் இன்னும் யாரும் எழுதல. முடிஞ்சவங்க கீழ கமெண்ட்டுல சொல்லுங்க, இல்லன்னா ஆபீஸ்ல நோட்டுல எழுதிடுங்க. காய் நறுக்கக் கை வேணும், காலையில 7 மணிக்கு அடுப்படியில இருப்போம்.